கோடாகிப்போன கேண்டில்

“டோஜி விழுந்திருக்குடா. நாளைக்குத் திரும்பிடும் பாரு” என்று சித்தப்பா கைப்பேசியை நீட்டினார். அவர் வைத்திருந்த சிறு நிறுவனப் பங்கு ஒன்றின் சார்ட் அது. கடைசி மூன்று நாட்களும் மூன்று சின்னக் கிடைக்கோடுகள், படிக்கட்டைப்போல் ஒன்றுக்குக் கீழே ஒன்று. கேண்டிலுக்கு உடலும் இல்லை, திரியும் இல்லை.

“டோஜி இல்ல சித்தப்பா, லோயர் சர்க்யூட். மார்க்கெட் டெப்த்தைத் திறங்க.”

திறந்தார். விற்கும் பக்கம் லட்சக்கணக்கில் பங்குகள் வரிசையில் நின்றன. வாங்கும் பக்கம் வெறும் சுழி.

நம் நாட்டுப் பங்குச் சந்தைகளில் பல பங்குகளுக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம், இறங்கலாம் என்று வரம்பு உண்டு. முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து 2, 5, 10 அல்லது 20 சதவீதம். எஃப் அண்ட் ஓ-வில் இருக்கும் பங்குகளுக்கு மட்டும் இந்த நிலையான வரம்பு கிடையாது. விலை வரம்பைத் தொட்டபின்னும் வியாபாரம் நிற்பதில்லை, அதைத் தாண்டி ஆர்டர் போட முடியாது, அவ்வளவுதான். காலை ஒன்பதேகாலுக்கே வரம்பில் திறந்து மாலை வரை அங்கேயே கிடந்தால் தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு நான்கும் ஒரே விலை. அதுதான் அந்தக் கோடு.

டோஜி என்றால் வாங்குபவரும் விற்பவரும் சம பலத்தில் மல்லுக்கட்டி, விலை புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது என்று பொருள். தொடக்கமும் முடிவும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும் ஸ்கேனர், பூட்டிய கேண்டிலையும் அதே பட்டியலில் போட்டுவிடும். இங்கே மல்லுக்கட்டே நடக்கவில்லை, எதிராளி வரவேயில்லை.

ஆர்எஸ்ஐ படும் பாட்டைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 100 ரூபாய்ப் பங்கு ஒன்றுக்குக் கெட்ட செய்தி வருகிறது. இனி 70 ரூபாய்தான் பெறும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. வரம்பு 5 சதவீதம் என்பதால் 95, 90.25, 85.74 என்று தவணை முறையில் இறங்கி, 69.83-க்கு வர ஏழு நாள் ஆகும். அதுவரை 14 நாள் ஆர்எஸ்ஐ-யில் சராசரி ஏற்றம் 80 காசு, சராசரி இறக்கம் 70 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முடிவில் ஆர்எஸ்ஐ ஏறக்குறைய 42, அடுத்த நாள் 35, மூன்றாம் நாள் 30-க்குக் கீழே. ‘அளவுக்கு மீறி விற்றாயிற்று, வாங்கலாம்’ என்ற அடையாளம் 85.74 ரூபாயிலேயே வந்துவிடுகிறது. இன்னும் நான்கு பூட்டு பாக்கி. அன்று வாங்கினால் உடனே கிடைக்கும், விற்கத்தான் கூட்டமே நிற்கிறதே! அடுத்த நாள் நீங்களும் அந்த வரிசையின் வாலில் நிற்பீர்கள். ஸ்டாப்லாஸ் போட்டிருந்தாலும் எடுப்பதற்கு ஆள் வேண்டும்.

ஏறும் பக்கத்தில் ஏமாற்றுவது வால்யூம். ருச்சி சோயா 2020 ஜனவரியில் 17 ரூபாயை ஒட்டி மீண்டும் பட்டியலுக்கு வந்து, ஜூன் இறுதிக்குள் 1,500 ரூபாயைத் தாண்டியது. பொதுமக்கள் கையில் இருந்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. விற்க ஆளில்லாமல் அப்பர் சர்க்யூட்டிலேயே ஏறிய ஏற்றம் அது. இப்படிப் பூட்டிய நாட்களில் கைமாறுவது சொற்பம். வால்யூமைப் பார்க்கும் குறியீடு ‘ஆர்வம் வற்றுகிறது’ என்னும். ஆர்வமெல்லாம் நிறைவேறாத ஆர்டர்களாக நிற்கிறது. அது அன்றைய வால்யூமில் சேராது.

சில குறியீடுகள் கணக்கிலேயே உடைந்துபோகும். சைகின் மணி ஃப்ளோ போன்றவற்றின் அடிப்படை இது:

```
((C - L) - (H - C)) / (H - L)
```

H, L, C மூன்றும் ஒன்றானால் சுழியைச் சுழியால் வகுக்க வேண்டும். சில மென்பொருள்கள் 0 என்று நிரப்பிக்கொள்ளும். அப்போது விற்றே தீர வேண்டும் என்று ஊரே நின்ற நாள், நடுநிலை நாளாகப் பதிவாகும். சிலவற்றில் NaN விழும். கூட்டிக்கொண்டே போகும் கணக்கானால் அதற்குப்பின் எல்லா நாளும் NaN-தான்.

நான்கு விலையும் ஒன்றாக இருந்து, அது முந்தைய முடிவிலிருந்து சரியாக வரம்பளவு தள்ளி நின்றால் பூட்டு என்று தீர்மானிக்கலாம். விலை நகராமல் நான்கும் ஒன்றாக இருந்தால், அன்று ஓரிரு வியாபாரம் மட்டுமே நடந்த சோம்பல் பங்காக இருக்கலாம். பங்கின் வரம்பையே சந்தை நடுவில் 20-லிருந்து 10-க்கும் 5-க்கும் குறைப்பதுண்டு. அதனால் அந்தந்த நாளின் வரம்பைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்குத் தப்பும் நாட்களும் உண்டு. காலையில் பத்து நிமிடம் ஆடிவிட்டு அப்புறம் பூட்டிக்கொண்டால், சார்ட்டில் அழகான முழு உடல் கேண்டில் தெரியும். முடிவு விலை வரம்பிலேயே நிற்கிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும்.

சித்தப்பாவின் பங்கு ஆறாம் நாள் பூட்டுத் திறந்தது. நீண்ட திரி, முந்தைய ஐந்து நாளையும் சேர்த்ததைவிடப் பல மடங்கு வால்யூம். “இன்னிக்குத்தான்டா உண்மையான விலை தெரியுது” என்றார். அதற்குள் ஸ்கேனர் அவருக்கு ஐந்து முறை டோஜி காட்டியிருந்தது.