நீண்ட வாக்கியத்தின் முடிச்சை அவிழ்ப்பது எப்படி?

தமிழ் வாக்கியத்தில் முதன்மை வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். எழுவாய்க்கும் அந்த வினைக்கும் இடையில் எத்தனை எச்சங்களை வேண்டுமானாலும் அடுக்கிக்கொண்டே போகலாம். இலக்கணம் அதைத் தடுப்பதில்லை. அரசாணைகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் செய்தித்தாள்களிலும் ஒரு பத்தி முழுவதும் ஒரே வாக்கியமாக நீள்வதற்கு இதுவே காரணம். இப்படிப்பட்ட வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போனால், யார் என்ன செய்தார் என்பது கடைசிச் சொல் வரும்வரை தெரியாது. அதற்குள் தொடக்கம் மறந்துவிடும். எனவே முதலில் பயனிலையையும் அடுத்து எழுவாயையும் கண்டுபிடித்துவிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்ப்பதே எளிய வழி.

செய்தி நடையில் அமைந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம்:

“கடந்த மாதம் பெய்த கனமழையில் ஏரிக்கரை உடைந்து வயல்களுக்குள் நீர் புகுந்ததால் பயிரை இழந்த விவசாயிகளுக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்று கோரி கிராம மக்கள் அளித்த மனுவைப் பரிசீலித்த வட்டாட்சியர், சேதத்தைக் கணக்கிட்டு ஒரு வாரத்துக்குள் அறிக்கை தருமாறு கிராம நிர்வாக அலுவலருக்கு உத்தரவிட்டார்.”

இதில் பத்துக்கும் மேற்பட்ட வினைச்சொற்கள் உள்ளன. ஆனால் வாக்கியத்தை முடித்துவைப்பது ஒன்றே ஒன்றுதான்.

முதலில் பயனிலை

கடைசிச் சொல் ‘உத்தரவிட்டார்’. இது வினைமுற்று. காலத்தைக் காட்டுவதோடு, செய்தவர் உயர்திணை, படர்க்கை, மரியாதைக்குரிய ஒருவர் என்பதையும் ‘ஆர்’ என்னும் விகுதி சொல்லிவிடுகிறது. மற்ற வினைகளில் இந்த விகுதி இல்லை. பெய்த, இழந்த, அளித்த, பரிசீலித்த ஆகியவை பெயரெச்சங்கள். ஒரு பெயரைச் சேர்ந்தால்தான் அவற்றின் பொருள் நிறையும். உடைந்து, கோரி, கணக்கிட்டு ஆகியவை வினையெச்சங்கள். அவற்றுக்கு இன்னொரு வினை தேவை. ‘வேண்டும்’ மட்டும் முற்றுப்போல் நிற்கிறது. ஆனால் அதை அடுத்து ‘என்று’ வருவதால், அது மனுவில் உள்ள கோரிக்கையின் முடிவே தவிர, வாக்கியத்தின் முடிவு அன்று.

அடுத்து எழுவாய்

இனி வேற்றுமை உருபு ஏற்காத பெயர்களைத் தேட வேண்டும். பயிரை, மனுவை, விவசாயிகளுக்கு, அலுவலருக்கு ஆகியவை உருபேற்றவை என்பதால் அவற்றை ஒதுக்கிவிடலாம். ‘கடந்த மாதம்’ காலத்தைக் குறிப்பது. அதுவும் எழுவாய் ஆகாது. இழப்பீடு, அறிக்கை ஆகிய இரண்டிலும் உருபு இல்லை. ஆனால் ‘இழப்பீட்டை’, ‘அறிக்கையை’ என்று ஐ உருபைச் சேர்த்துப் படித்தாலும் வாக்கியம் இயல்பாகவே இருக்கிறது. ஆகவே இவை உருபு மறைந்து நிற்கும் செயப்படுபொருள்கள். எஞ்சியவை ஏரிக்கரை, நீர், கிராம மக்கள், வட்டாட்சியர் என்னும் நான்கு.

இவற்றில் ஏரிக்கரையும் நீரும் அஃறிணை. ‘உத்தரவிட்டார்’ என்பதோடு பொருந்தா. மக்கள் என்றால் ‘உத்தரவிட்டனர்’ என்று வந்திருக்கும். மேலும், இந்த மூன்று பெயர்களுக்கும் பக்கத்திலேயே வினை இருக்கிறது: ஏரிக்கரை உடைந்தது, நீர் புகுந்தது, மக்கள் அளித்தார்கள். வேறு வினை எதற்கும் எழுவாயாகாமல் மிஞ்சி நிற்பவர் வட்டாட்சியர் மட்டுமே. வாக்கியத்தின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது: வட்டாட்சியர் உத்தரவிட்டார்.

இரண்டு எழுவாய்கள் அடுத்தடுத்து நிற்கும் இடத்திலும் இதே முறை உதவும். ‘ஆசிரியர் மாணவன் எழுதிய கட்டுரையைத் திருத்தினார்’ என்பதில், ‘எழுதிய’ என்னும் எச்சம் தனக்கு மிக அருகில் உள்ள மாணவனை எடுத்துக்கொள்கிறது. ஆசிரியர் கடைசி வினைக்காகக் காத்திருக்கிறார்.

பிறகு கிளைகள்

முதுகெலும்பைப் பிடித்தபின் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டால் போதும். யாருக்கு உத்தரவிட்டார்? கிராம நிர்வாக அலுவலருக்கு. என்ன செய்யும்படி? அறிக்கை தருமாறு. எந்த வட்டாட்சியர்? மனுவைப் பரிசீலித்தவர். எந்த மனு? கிராம மக்கள் அளித்தது. அதில் என்ன கோரினார்கள்? விவசாயிகளுக்கு இழப்பீடு. எந்த விவசாயிகள்? பயிரை இழந்தவர்கள். ஏன் இழந்தார்கள்? கரை உடைந்து நீர் புகுந்ததால். கேள்விகள் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிச் செல்வதைக் கவனிக்கலாம். ‘வட்டாட்சியர்’ என்ற சொல்லுக்கு முன்னால் உள்ள அனைத்தும், எந்த வட்டாட்சியர் என்பதைச் சொல்லும் ஒரே ஒரு அடைமொழிதான்.

இடறும் இடங்கள்

‘கணக்கிட்டு’ என்ற எச்சத்தில் கவனம் தேவை. சேதத்தைக் கணக்கிட வேண்டியவர் யார்? எச்சத்தை ‘உத்தரவிட்டார்’ என்பதோடு சேர்த்தால், வட்டாட்சியரே கணக்கிட்டதாகிவிடும். அருகிலுள்ள ‘தருமாறு’ என்பதோடு சேர்த்தால், கணக்கிடுவது கிராம நிர்வாக அலுவலரின் வேலை. பொருளுக்கு ஏற்ற முதல் வினையோடு எச்சத்தைச் சேர்ப்பதே பொது முறை. ஆகவே இரண்டாவதே சரி. ஐயத்துக்கே இடம் தராமல் எழுத விரும்பினால், ‘வட்டாட்சியர் உத்தரவிட்டார்’ என்று முதல் வாக்கியத்தை முடித்துவிட்டு, கணக்கிட்டு அறிக்கை தர வேண்டியவர் யார் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்ல வேண்டும்.

‘செய்து’ என்னும் வகை வினையெச்சம், தன் எழுவாயின் வினையைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியம் வினையியலில் விதி உண்டு. ‘மனுவைப் படித்து உத்தரவிட்டார்’ என்றால் இரண்டையும் செய்தவர் ஒருவரே. ஆனால் ‘கரை உடைந்து நீர் புகுந்தது’ என்பதில் எழுவாய் மாறுகிறது. முதல் நிகழ்ச்சி இரண்டாவதற்குக் காரணமாக இருக்கும்போது வழக்கில் இப்படி வருவதுண்டு. ‘செய்து’ வகை எச்சத்தைக் கண்டால் முதலில் ஒரே எழுவாய் என்று கொண்டு, பொருந்தாவிட்டால் மட்டுமே வேறு எழுவாயைத் தேட வேண்டும்.

முற்றுப்போலத் தோன்றி ஏமாற்றும் சொற்களும் உண்டு. ‘அவர் வந்தது தெரியாது’ என்பதில் ‘வந்தது’ தொழிற்பெயர். ‘பேருந்து வரும்’ என்பதில் முற்றாக நிற்கும் அதே ‘வரும்’, ‘வரும் பேருந்து’ என்பதில் பெயரெச்சம். ஒரு சொல் முற்றா என்று தெரிய, அந்த இடத்திலேயே முற்றுப்புள்ளி வைத்துப் பார்க்கலாம். மிஞ்சியவை பொருளின்றித் தொங்கினால் அது முற்று அன்று.

சில வாக்கியங்களில் எழுவாயைத் தேடினாலும் கிடைக்காது. ‘நேற்றே வந்தேன்’ என்பதில் ‘நான்’ என்னும் எழுவாய் தோன்றாமல் நிற்கிறது. விகுதி அதைக் காட்டிக்கொடுக்கிறது. ‘அவருக்கு விவரம் தெரியும்’ என்பதில் அறிந்தவர் நான்காம் வேற்றுமை உருபோடு நிற்பதால், வினை அவரோடு இயைவதில்லை. ‘மனு நிராகரிக்கப்பட்டது’ போன்ற செயப்பாட்டுவினையில் எழுவாய் மனுதான். நிராகரித்தவர் யார் என்பதை வாக்கியம் சொல்வதே இல்லை. தேடிக் கிடைக்காத அந்தப் பெயரைப் படிப்பவர் தாமாக ஊகித்து நிரப்பக் கூடாது. அலுவலகக் கடிதமானால், எழுதியவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.