34 என்பது நல்ல எண்ணா?

ஆலைக் கழிவுநீரைச் சோதித்த ஆய்வக அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அதைப் பற்றிய பேச்சோ தமிழில் நடக்கிறது: விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில், ஊராட்சி அலுவலகத்தில், வட்டாட்சியரின் கோப்பில். யாரோ ஒருவர் அந்த ஒரு பக்க அட்டவணையைத் தமிழாக்கித் தர வேண்டியிருக்கிறது. எண்களை அப்படியே எடுத்து எழுதிவிடலாம். சிக்கல் அந்த எண்களைச் சுற்றியுள்ள சொற்களில்தான்.

அட்டவணையில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பி.ஓ.டி. 34, வரம்பு 30. பி.ஓ.டி.க்கு வழக்கமாக எழுதும் தமிழ், ‘உயிர்வேதி ஆக்சிஜன் தேவை’. சொல்லில் பிழையில்லை. ஆனால் ‘ஆக்சிஜன் தேவை 30, இருப்பது 34’ என்று படிக்கும் அலுவலர், தேவைக்கு மேலேயே ஆக்சிஜன் இருக்கிறது, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட முடியும். உண்மை அதற்கு நேர்மாறானது.

சோதனையைப் பார்த்தால் இது விளங்கும். 30 மில்லி கழிவுநீரை 300 மில்லி புட்டியில் ஊற்றி, ஆக்சிஜன் நிறைந்த நல்ல நீரால் நிரப்புகிறார்கள். தொடக்கத்தில் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது. புட்டியை இறுக மூடி, இருட்டில் 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைக்கிறார்கள். கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனையும் செலவழிக்கின்றன. மூன்றாம் நாள் மீதி 4.4. குறைந்தது 3.4. கழிவுநீர் பத்து மடங்கு நீர்க்கப்பட்டதால் விடை 34. அதாவது இந்த நீர் ஏரிக்குப் போனால் ஒவ்வொரு லிட்டரும் அங்கே மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனில் அவ்வளவைத் தின்றுவிடும். எண் கூடக் கூடக் கேடு. ஆகவே தமிழ் அட்டவணையில் அந்தச் சொல்லுக்குக் கீழே ‘கழிவு சிதையும்போது தின்னும் ஆக்சிஜன், குறைவாக இருப்பதே நல்லது’ என்று ஒரு வரி சேர்ப்பதை நான் கட்டாயம் என்பேன். ‘3 நாள், 27 டிகிரி’ என்பதையும் விட்டுவிடக் கூடாது. 5 நாள், 20 டிகிரி என்ற முறையும் உண்டு. எந்த முறை என்று தெரியாமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட முடியாது.

அடுத்தது வரம்பு. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள பொதுத் தரத்தின்படி, ஆறு, ஏரி போன்ற நீர்நிலையில் விடும் நீருக்கு பி.ஓ.டி. 30, பாசனத்துக்காக நிலத்தில் விட்டால் 100, பொதுச் சாக்கடையில் விட்டால் 350. சில தொழில்களுக்குத் தனி வரம்புகளும் உண்டு. நம் 34, ஏரிக்குப் போனால் மீறல், வயலுக்குப் போனால் மீறல் இல்லை. வரம்புப் பத்தியின் தலைப்பைச் சுருக்கி வெறுமனே ‘தரம்’ என்று எழுதிவிட்டால், தண்ணீர் எங்கே போகிறது என்ற முக்கியமான கேள்வியே கோப்பிலிருந்து காணாமல் போய்விடும்.

அதே அட்டவணையில் கலங்கல் தன்மை 6 என்.டி.யூ. என்றும், வரம்புப் பத்தியில் ஒரு சிறு கோடும் இருக்கும். பொதுத் தரத்தில் கலங்கலுக்கு எண் வரம்பு கிடையாது என்பதே அந்தக் கோட்டின் பொருள். அதை ‘இல்லை’ என்று எழுதினால், கலங்கலே இல்லை என்று படித்துவிடுவார்கள். ‘வரம்பு குறிப்பிடப்படவில்லை’ என்று முழுதாக எழுத வேண்டும். குடிநீருக்கான வரம்பை எடுத்து அந்த இடத்தில் நிரப்புவதும் தவறு. தெளிவாகத் தெரியும் நீர் பாதுகாப்பானது என்ற எண்ணமும் இங்கேதான் தலைகாட்டும். சர்க்கரை கரைந்த நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், அதன் பி.ஓ.டி. மிக அதிகம். ஒளியைச் சிதறடிக்கும் நுண்துகள்களைத்தான் கலங்கல் அளவி காண்கிறது, கரைந்துபோனதை அது காணாது.

தமிழாக்கம் முடிந்ததும் ஒன்றைச் சரிபார்க்கலாம். சி.ஓ.டி. எனப்படும் வேதி ஆக்சிஜன் தேவை, அதே நீரின் பி.ஓ.டி.யைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். நுண்ணுயிரி தின்பதோடு, அது தின்னாததில் பெரும்பகுதியையும் அந்தச் சோதனை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தமிழ்த் தாளில் இது தலைகீழாக இருந்தால் வரிகள் இடம் மாறியிருக்கின்றன, அல்லது மூல அறிக்கையிலேயே கோளாறு.

அடிக்குறிப்புகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘முடிவுகள் ஆய்வகத்துக்குத் தரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்’ என்ற வரி அங்கேதான் இருக்கும். மாதிரியை ஆய்வகத்தார் எடுத்தார்களா, ஆலையே கொண்டுவந்து கொடுத்ததா என்பதும், மாதிரி எடுத்த நாளும் சோதனை தொடங்கிய நாளும் தமிழில் வர வேண்டும். குளிரில் வைக்காத மாதிரி இரண்டு மூன்று நாள் கிடந்தால், நுண்ணுயிரிகள் கேனுக்குள்ளேயே கழிவைத் தின்னத் தொடங்கியிருக்கும். ஆய்வகம் காணும் பி.ஓ.டி. உண்மையைவிடக் குறைவாக வரும். அப்போது 34 இருந்திருக்க வேண்டிய இடத்தில் 28 என்று அச்சாகி, அறிக்கை வரம்புக்குள் நின்றுவிடும்.