மின்னஞ்சலின் கடைசி நான்கு வரிகள்

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு சிறு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். உரிமையாளரின் விசிட்டிங் கார்டு நன்றாக வந்திருக்கிறது. அதையே படமாக்கி, அலுவலகத்திலிருந்து போகும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் ஒட்டிவிடுகிறார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் பார்த்தால் எடுப்பாகத்தான் இருக்கிறது.

மதுரையில் இருக்கும் டீலர் அந்த மின்னஞ்சலைப் போனில் திறக்கிறார். திரையின் அகலத்துக்குப் படம் சுருங்கியதில் எழுத்துகள் பொடிப்பொடியாகிவிட்டன. விலை கேட்கலாம் என்று எண்ணைத் தொடுகிறார், கால் போகவில்லை. கண்ணுக்கு அது எண், போனுக்கு வெறும் படம். இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பிறகுதான் அழைக்க வேண்டும். பார்வையற்ற ஒருவர் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளில் அதே கடிதத்தைக் கேட்டால், அனுப்பியவர் பெயர்கூட அதில் வராமல் போகலாம்.

டீலரின் கணக்காளர் அலுவலகத்தில் Outlook வைத்திருக்கிறார். இணையத்திலிருந்து இழுத்து வரவேண்டிய படங்களை, புதியவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் Outlook தானாகவே தடுத்து வைக்கும். ஆகவே அவருக்குக் கார்டு இருந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் தெரிகிறது. இதைத் தவிர்க்கப் படத்தைக் கடிதத்துக்குள்ளேயே பொதிந்து அனுப்பினால் வேறு தொல்லை. பல நேரங்களில் அது image001.png என்ற பெயரில் ஓர் இணைப்பாகப் போய் நிற்கும். பத்துக் கடிதம் போய்வந்த பிறகு, உண்மையான விலைப்பட்டியலை அந்தப் படங்களுக்கு நடுவே தேட வேண்டியிருக்கும்.

ஒரே கையொப்பம் ஆளுக்கு ஆள் இப்படி மாறித் தெரியக் காரணம், மின்னஞ்சலைத் திரையில் வரைந்து காட்டும் வேலையை ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் செய்வதுதான். விண்டோஸில் பல அலுவலகங்கள் பயன்படுத்தும் பழைய Outlook, 2007 பதிப்பிலிருந்து Word மென்பொருளின் இயந்திரத்தைக் கொண்டே கடிதங்களைக் காட்டுகிறது. வலைப்பக்கத்தில் சாதாரணமாக எடுபடும் பல அலங்காரங்களை அது கண்டுகொள்ளாது. வளைந்த மூலைகள் அதில் கூர்மையாகிவிடும். இடப்பக்கம் லோகோ, வலப்பக்கம் விவரம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்த வடிவம் போனில் நெருக்குண்டு, ஒரு சொல்லுக்கு ஒரு வரி என்று உடைந்து தொங்கும். எல்லா இடத்திலும் குலையாமல் நிற்பது, ஒன்றன் கீழ் ஒன்றாகத் தட்டச்சு செய்த எழுத்து வரிகள்தான்.

ஆகவே கோவைக் கம்பெனியின் கையொப்பத்தை நான்கு வரியில் மறுபடி கட்டலாம். முதல் வரியில் பெயர், தடித்த எழுத்தில். இரண்டாவதில் பதவியும் கம்பெனிப் பெயரும். மூன்றாவதில் தொலைபேசி எண், முன்னால் +91 சேர்த்து, இரண்டு ஐந்தாகப் பிரித்து. அப்படி எழுதினால் பெரும்பாலான போன்கள் அதை எண் என்று தாமாகவே புரிந்துகொள்ளும். தொட்டால் அழைப்பு போகும், வெளிநாட்டிலிருந்து கூப்பிடுபவரும் திணற மாட்டார். அதே எண்ணில் வாட்ஸ்அப் இருந்தால் பக்கத்திலேயே சொல்லிவிடலாம். நான்காவது வரி வலைத்தள முகவரி. மின்னஞ்சல் முகவரி தேவையில்லை. அனுப்புநர் இடத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது.

கம்பெனி பிரைவேட் லிமிடெட் என்றால் ஐந்தாவது வரி ஒன்றும் வேண்டியிருக்கும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 12-ஆம் பிரிவு, வணிகக் கடிதங்களில் கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, CIN எனப்படும் பதிவு எண் முதலியவை இருக்க வேண்டும் என்கிறது. பல கம்பெனிகள் மின்னஞ்சலிலும் அதைப் பின்பற்றுகின்றன. சற்றுச் சிறிய எழுத்தில், கடைசியில் போட்டால் போதும்.

சமூக ஊடகச் சின்னங்களை ஐந்தாறாக வரிசைகட்டி வைப்பதைத் தவிர்ப்பதே நல்லது. தொடும் பொத்தான் ஒவ்வொன்றும் குறைந்தது 44 புள்ளி அகலமும் உயரமும் இருக்க வேண்டும் என்பது ஐபோன் செயலிகளுக்கு ஆப்பிள் சொல்லும் அளவு. கையொப்பத்துச் சின்னங்கள் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. ஒன்றைத் தொடப்போய் இன்னொன்று திறக்கும்.

லோகோ இல்லாமல் மனம் கேட்காது என்றால், எழுத்து வரிகளுக்குக் கீழே சிறியதாக ஒன்று வைக்கலாம். திரையில் 120 பிக்சல் அகலத்தில் தெரிய வேண்டிய லோகோவை 240 பிக்சலில் தயாரித்துப் பாதியாகக் காட்டினால் போனிலும் மங்காது. இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. பின்னணி இல்லாத கறுப்பு லோகோ, இருட்டுத் திரை வைத்திருப்பவரின் போனில் அடியோடு மறைந்துவிடும். எழுத்துகளின் நிறத்தைப் போன் மாற்றிக்கொள்ளும். படத்தின் நிறத்தை அப்படி மாற்றுவது அரிது. லோகோவைச் சுற்றி வெள்ளை விளிம்போ, பின்னால் வெள்ளைப் பட்டையோ கொடுத்துவிட்டால் சிக்கல் தீரும்.

தமிழில் கையொப்பம் வைப்பவர்கள் யூனிகோடில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாதவர் திரையில் பெயருக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்து விழும். யூனிகோடு என்றால் விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று அந்தந்தக் கருவியிலுள்ள எழுத்துரு அதைக் காட்டிவிடும். புள்ளியும் சுழியும் நிறைந்த எழுத்து என்பதால் அளவு 14 பிக்சலுக்குக் குறையாமல் இருப்பது நலம்.

இனி முடிவுரை வரிகள். பலர் "நன்றி" அல்லது "Thanks & Regards" என்பதைக் கையொப்பத்துக்குள்ளேயே நிரந்தரமாக வைத்துவிடுகிறார்கள். கையால் ஒருமுறை "நன்றி" எழுதியிருந்தால் அது இரண்டாகிறது. பாக்கித் தொகையைக் கண்டித்துக் கேட்கும் கடிதத்திலும் "அன்புடன்" தானாக வந்து நிற்கிறது. கையொப்பத்தில் விவரம் மட்டும் இருக்கட்டும். முடிவுரையைத் தனியாக நாலைந்து வகையாக எழுதி, ஜிமெயிலின் Templates வசதியில் சேமித்துக்கொள்ளலாம். அரசு அலுவலகத்துக்கு "தங்கள் உண்மையுள்ள", விண்ணப்பத்துக்கு "இப்படிக்கு", பழகிய வாடிக்கையாளருக்கு "அன்புடன்", மற்ற எல்லாவற்றுக்கும் "நன்றி" என்று வைத்துக்கொண்டால் தவறு நேராது.

அதற்கு முந்தைய வாக்கியம் இன்னும் முக்கியம். "தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கி" என்பதைப் படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. "வெள்ளிக்கிழமைக்குள் ஆர்டரை உறுதிசெய்தால் அடுத்த வாரம் சரக்கை அனுப்பிவிடுகிறோம்" என்பது சொல்கிறது. பூமராங் என்ற மின்னஞ்சல் நிறுவனம் 2017-இல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆங்கில மின்னஞ்சல் உரையாடல்களை ஆராய்ந்தது. நன்றி சொல்லி முடிந்தவற்றுக்கு மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பதில் வந்திருந்தது. உதவி கேட்கும் கடிதங்களில்தான் நன்றி அதிகம் வரும் என்பதால், அந்த ஒரு சொல்லே பதிலைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது.

பதில் கடிதங்களுக்கு முழுக் கையொப்பம் வேண்டாம். பெயரும் எண்ணும் போதும். ஜிமெயிலில் Settings, See all settings, General என்று போனால் Signature பகுதி வரும். புதிய கடிதத்துக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என்று அங்கேயே தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

எல்லாம் முடித்ததும் ஒரு கடிதத்தைத் தனக்கே அனுப்பி, போனில் இருட்டுத் திரையில் ஒருமுறை, Outlook வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். எண்ணைத் தொட்டால் அழைப்பு போகிறதா என்று பார்ப்பது கட்டாயம். போன் செயலியின் கையொப்பம் தனி என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஜிமெயில் செயலியில் அதன் பெயர் Mobile signature. வெறும் எழுத்து மட்டுமே அதில் ஏறும். ஐபோனின் Mail செயலியில் எதையும் மாற்றாவிட்டால் "Sent from my iPhone" என்பதே உங்கள் கையொப்பமாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் இன்றே உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதி வையுங்கள்.