கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அதே பாட்டு

"அன்புள்ள தாத்தாவுக்கு, நலம். நீங்கள் கல்யாண வீட்டிலும் சொல்வீர்கள், சாவு வீட்டிலும் சொல்வீர்களே, அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்? முதல் வரி மட்டும்தான் எனக்குத் தெரியும்." விடுதியில் தங்கிப் படிக்கும் பேரன் எழுதிய கடிதம் இது.

தாத்தா சொல்லும் பாட்டு, கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192ஆம் பாடல். 13 வரிகள். மேடைகளில் பெரும்பாலும் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். அதனால் உலகமெல்லாம் உறவு என்று சொல்லும் பாட்டாகவே அது பலர் மனத்தில் பதிந்திருக்கிறது.

தாத்தாவின் பதில் கடைசி வரிகளிலிருந்து தொடங்கியது.

"பெரியவர்களைப் பார்த்து வியக்கவும் மாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று பாட்டு முடிகிறது. ஏன் என்பதற்கு விடை, அதற்கு முன்னால் இருக்கிறது. மழை பெய்து, பாறையில் மோதி இரைந்து ஓடும் பெரிய ஆறு. அதன் போக்கில் போகிறது ஒரு தெப்பம். உயிரும் அப்படித்தான் முறைவழியே போகிறது என்கிறார் புலவர். நன்மையும் தீமையும் பிறர் தந்து வருவதில்லை, சாவும் புதிதில்லை என்று முன்பே சொல்லிவிடுகிறார். வாழ்வு இனிது என்று துள்ளவும் வேண்டாம், வெறுத்துக் கசக்கவும் வேண்டாம். இரண்டு வீட்டிலும் நான் அதைச் சொல்வது இதனால்தான்."

தெப்பத்தை மட்டும் பிரித்தெடுத்தால் பாட்டு வெறும் விதிவாதமாகத் தெரியும். கடைசி வரியோடு சேர்த்துப் படித்தால், மனிதரை உயர்வு தாழ்வு பார்க்காதே என்பதற்கான காரணமாக அது நிற்கிறது. 13 வரிகளையும் ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள்.