இருட்டில் எடுத்த போன் படம் ஏன் புள்ளி புள்ளியாகிறது?

குத்துவிளக்கு வெளிச்சத்தில் போனில் எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்சுவரில் சிவப்பும் பச்சையுமாகப் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் தெரியும். அதைத்தான் நாய்ஸ் என்கிறார்கள். சில படங்களில் சுவர் வழுவழுவென்று இருக்கும். ஆனால் பட்டுப்புடவையின் ஜரிகை கூழாகிப்போயிருக்கும். போன் தானாகவே நாய்ஸைத் துடைத்தபோது ஜரிகையும் சேர்ந்து போய்விட்டது.

பெரிய கேமராவில் ஏன் இப்படி ஆவதில்லை? மெகாபிக்சல் குறைவு என்பதால் அல்ல. 2014-ல் வந்த சோனி ஆல்ஃபா 7எஸ் கேமராவுக்கும் 2018-ல் வந்த கூகுள் பிக்சல் 3 போனுக்கும் ஏறக்குறைய ஒரே 12 மெகாபிக்சல்தான். சென்சாரின் அளவுதான் வேறு. சோனியில் ஒரு பிக்சல் கட்டத்தின் அகலம் சுமார் 8.4 மைக்ரான், போனில் 1.4 மைக்ரான். அகலத்தில் 6 மடங்கு என்றால் பரப்பில் 36 மடங்கு. லென்ஸின் எஃப் எண்ணும் ஷட்டர் நேரமும் ஒன்றாக இருந்தால், சோனியின் ஒவ்வொரு கட்டத்திலும் 36 மடங்கு ஒளி விழும்.

ஒளி என்பது தனித்தனி ஒளித்துகள்களாக, முன்பின்னாக வந்து விழுவது. போனின் கட்டத்துக்குச் சராசரியாக 100 துகள் வரவேண்டும் என்றால், ஒரு கட்டத்தில் 92, பக்கத்தில் 109, அடுத்ததில் 97 என்றுதான் விழும். ஒரே நிறச் சுவர்தான். ஆனாலும் கட்டத்துக்குக் கட்டம் பிரகாசம் மாறும். இந்த ஏற்றத்தாழ்வு, வந்த துகள்களின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்பது கணக்கு. 100 துகளுக்கு ஏற்றத்தாழ்வு 10, அதாவது பத்து சதவீதம். சோனியில் அதே இடத்தில் 3600 துகள் விழும். ஏற்றத்தாழ்வு 60, இரண்டு சதவீதம்கூட இல்லை. சென்சார் எவ்வளவு உசத்தியானாலும் ஒளியின் இந்தக் குணத்தை மாற்ற முடியாது. நல்ல வெயிலில் இரண்டிலுமே ஒளி தாராளமாக இருப்பதால் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

பெரிய கேமரா வைத்திருந்தாலே போதும் என்றும் இல்லை. எஃப்/1.8 லென்ஸ் உள்ள போனுக்கு எதிரே எஃப்/5.6 லென்ஸைப் போட்டால், சுமார் பத்து மடங்கு ஒளியை அந்த லென்ஸே தடுத்துவிடும். 36 மடங்கு அனுகூலம் நாலு மடங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

இனி மெருகேற்றும் வேலைக்கு வருவோம். ஆப்பில் பிரகாசத்தை நாலு மடங்கு ஏற்றினால் 100 என்பது 400 ஆகும். ஆனால் 10 என்ற ஏற்றத்தாழ்வும் 40 ஆகிவிடும். விகிதம் அதேதான். இருட்டில் மறைந்திருந்த நாய்ஸ் வெளிச்சத்துக்கு வந்ததுதான் மிச்சம்.

நாய்ஸைக் குறைக்க எளிய வழி, அக்கம்பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பது. 3×3 என்று ஒன்பது கட்டங்களைச் சேர்த்தால் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகும். வெற்றுச் சுவருக்கு இது சரி. ஆனால் ஜரிகை இழை ஒரு கட்ட அகலம்தான் என்றால் அதுவும் அந்தச் சராசரியில் கரைந்துவிடும். நல்ல மென்பொருள்கள் விளிம்பைப் பார்த்து ஒதுங்கிப் போகும். ஆனால் நாய்ஸ் மிகுதியானால் எது விளிம்பு, எது புள்ளி என்று அவற்றுக்கும் பிடிபடாது.

இதைவிட நல்ல வழி கூடுதல் ஒளியையே சேர்ப்பது. பிக்சல் போன்களின் நைட் சைட் வசதி, கையில் பிடித்தபடியே 15 படம் வரை அடுத்தடுத்து எடுத்து, கை நடுக்கத்தைச் சரிசெய்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தும். 15 படம் சேர்ந்தால் நாய்ஸ் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகும், ஜரிகையும் தப்பிக்கும். ஆனால் விளக்கேற்றும் கை அசைந்துகொண்டே இருந்தால் அது பொருந்தாது. அந்த இடத்தில் மட்டும் மென்பொருள் குறைந்த படங்களையே எடுத்துக்கொள்ளும். ஆகவே கை மட்டும் புள்ளியாகவோ மழுங்கலாகவோ நிற்கும்.

பழைய படத்தைச் சரிசெய்யும்போது வரிசை முக்கியம். ஷார்ப்பன் என்பது பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் வித்தியாசத்தைத் தூக்கிக் காட்டுவது. நாய்ஸும் அதே வித்தியாசம்தான். ஆகவே முதலில் நாய்ஸை அளவாகக் குறைத்துவிட்டுப் பிறகுதான் ஷார்ப்பன். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைவிட, எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பை வாங்கிச் செய்வது நல்லது. சுருக்கும்போது நுண்விவரமும் நாய்ஸும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

ஏஐ ஆப்கள் இதைத் தாண்டிப்போய், இல்லாத முடியிழையையும் தோலையும் பழகிய மாதிரிகளிலிருந்து ஊகித்து வரைகின்றன. குடும்பப் படத்துக்கு அது அழகாக இருக்கலாம். ஆனால் இரவில் எடுத்த வண்டி நம்பர் பிளேட்டில் 3-ஐயும் 8-ஐயும் பிரித்துக்காட்டும் அளவுக்கு ஒளித்துகள் விழவில்லை என்றால், ஆப் பளிச்சென்று காட்டும் 8 வெறும் ஊகமே. அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.