மனை வாங்குமுன் ஒரு டியூப் லெவல்

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் என்று எல்லாக் காகிதத்தையும் வக்கீலிடம் காட்டிவிடுகிறார்கள். மனை எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. சித்திரை வெயிலில் போய் நின்றால் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது இதே பகுதியில் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள்.

வெள்ளம் ஏறிய மட்டம், ரோட்டு மட்டம், வடிகால் போய்ச் சேரும் இடத்தின் மட்டம், கொட்டிய மண்ணுக்கு அடியில் கிடக்கும் பழைய தரை ஆகிய நான்கையும் ஒரே புள்ளியிலிருந்து அளந்தால்தான் மனை மேடா பள்ளமா என்று சொல்ல முடியும். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூபின் இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கோடு போட்டுக்கொண்டே போகலாம். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் கணக்கு தப்பிவிடும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். இருநூறு, முன்னூறு அடி தாண்டினால் ஆட்டோ லெவல் வைத்திருக்கும் சர்வேயரைக் கூப்பிட்டுக்கொள்வது நல்லது.

நண்பர் ஒருவருக்காக அப்படிப் பார்த்த மனை ஒன்றைச் சொல்கிறேன். முப்பதுக்கு நாற்பது, அதாவது 1200 சதுர அடி, அரை கிரவுண்டு. எதிரே இருபதடி சிமெண்ட் ரோடு. மனைக்கு நேர் எதிரில் ரோட்டின் நடுவைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டோம்.

முதலில் வெள்ளம். பக்கத்து வீட்டு அம்மாவிடம், “2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சும்மா?” என்று கேட்டபோது, ஜன்னலுக்குக் கீழே சுவரில் கையை வைத்துக் காட்டினார். பெயிண்ட் அடித்து மறைத்திருந்தாலும் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் பழுப்புக் கோடு அப்படியே இருந்தது. ரோட்டைவிட இரண்டரை அடி உயரம். அடுத்துக் கேட்டது, எத்தனை நாள் நின்றது என்பது. உயரத்தைக் கேட்பவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. ஆறு பெருகி வந்த தண்ணீர் ஆறு இறங்கினால் தானும் இறங்கிவிடும். வாரக்கணக்கில் நின்றால், அங்கே தண்ணீர் வெளியேற வழியில்லை என்று அர்த்தம். அது வெள்ளம் வராத வருஷத்திலும் நிற்கும். அந்த அம்மா சொன்ன பதில், “அது ரெண்டு நாள்ல வடிஞ்சிடுச்சு தம்பி. ஆனா ஐப்பசி வந்தா வருஷா வருஷம் முட்டிக்குக் கீழ நிக்கும்.” அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் வடிகாலை விடாமல் பின்தொடர்ந்தோம்.

வாசலில் சாக்கடை கட்டியிருக்கிறது என்பதை வடிகால் வசதி என்று விளம்பரத்தில் போட்டுவிடுவார்கள். அது எங்கே போய் விழுகிறது என்பதுதான் விஷயம். சில இடங்களில் தெருமுனையோடு முடிந்து நின்றுவிடும். இங்கே நானூறு அடி தள்ளி ஒரு வாய்க்காலில் சேர்ந்தது. சர்வேயர் எடுத்த அளவில், வாசலில் சாக்கடையின் அடிமட்டம் ரோட்டுக்கு இரண்டரை அடி கீழே. வாய்க்காலில் விழும் இடத்தில் மூன்று அடி கீழே. சரிவு குறைவுதான், ஆனாலும் தண்ணீர் போகும். சிக்கல் வாய்க்காலில் இருந்தது. அங்கிருந்த சிறுபாலத்தின் பக்கச் சுவரில், சாதாரண மழைக்காலத்தில் தண்ணீர் ஓடிய பாசிக்கறை ரோட்டுக்கு ஒன்றரை அடி கீழே இருந்தது. அதாவது மழைக்காலத்தில் வாய்க்கால் தண்ணீர், சாக்கடை விழும் வாயை ஒன்றரை அடி மூழ்கடித்துவிடும். தெருத் தண்ணீர் உள்ளே போவதற்குப் பதில் வாய்க்கால் தண்ணீர் எதிர்த்துவரும். மனையின் தரை ரோட்டுக்கு ஓரடி கீழே. எதிர்த்துவரும் தண்ணீருக்கும் மனைக்கும் நடுவே அரையடிதான் மிச்சம்.

அந்தச் சிறுபாலத்துக்கு முன்னால் ரோடு இரண்டடி தாழ்ந்து ஏறுகிறது. மெயின் ரோட்டுக்கு வேறு வழி கிடையாது. வீட்டை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும், பெருமழை பெய்தால் முதலில் அடைபடுவது இந்தப் பள்ளம்தான்; ஆம்புலன்ஸ் வராது. பாதை விஷயத்தில் காகிதமும் பார்க்க வேண்டும். eservices.tn.gov.in தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் புலப்படமும் அ-பதிவேடும் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் ரோடு புலப்படத்தில் யாருடைய பட்டா நிலத்திலாவது ஓடினால், அது உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஓடையோ வாய்க்காலோ மனையை ஒட்டிப் போகிறதா என்பதும் அதே படத்தில் தெரியும், தரையில் அது தூர்ந்து போயிருந்தாலும்.

அ-பதிவேட்டில் இந்த மனை நஞ்சை என்றிருந்தது. ஏரிப் பாசன ஊரில் அந்த ஒரு சொல்லே பாதி சேதி. மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக ஓடிப் பாய்ந்த நிலம்தான் நஞ்சை. அப்படியானால் அது ஏரி மதகைவிடத் தாழ்வு. வயலாக இருந்த இடம் இப்போது ரோட்டுக்கு வெறும் ஓரடிதான் கீழே என்றால், யாரோ மண் கொட்டியிருக்கிறார்கள்.

எவ்வளவு கொட்டினார்கள் என்பதற்கு மனை ஓரத்தில் நின்ற பனைமரமே ஒரு குறிப்பு. பனையின் அடி, வேர்க்கட்டோடு பருத்து இருக்கும். இங்கே மரம் நட்டுவைத்த கம்பம்போல நேராகத் தரையிலிருந்து கிளம்பியது, அடி புதைந்துவிட்டது. விற்பவரிடம் அனுமதி வாங்கி, மூலையில் ஐந்தடிக் குழி வெட்டினோம். மேலே ஓரடி செம்மண். அதன் கீழே இரண்டடிக்கு ரப்பீஸ்: உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, பால் கவர். மூன்றடியில் கறுத்த களிமண், அழுகிய கோரை வேரோடு. அதுதான் பழைய வயல். ரோட்டிலிருந்து நான்கடி கீழே.

இந்த மூன்றடி நிரப்பு மண்மீது அஸ்திவாரம் நிற்கக் கூடாது. அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி இறுக்கிய மண் வேறு. லாரியிலிருந்து சரித்துவிட்ட ரப்பீஸ் வேறு. பின்னது வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். தரை டைல்ஸ் இறங்கும், சம்ப் விரிசல் விடும். பழைய தரைக்கும் கீழே நாலைந்து அடி போக வேண்டும் என்றால் குழி ஏழெட்டு அடி. அதுவும் களிமண் என்பதால், மண் பரிசோதனை செய்து என்ஜினியர் பைல் பவுண்டேஷன் என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

இனி மேலே ஏற்றும் கணக்கு. வெள்ளக் கோடு ரோட்டுக்கு மேல் இரண்டரை அடி. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிது போடும் வழக்கம் இருப்பதால், அதற்கும் சேர்த்து ஒன்றரை அடி கூட்டி, வீட்டுத் தளம் நான்கடி உயரம் என்று வைத்தோம். மனை முழுவதும் ரோட்டைவிட ஓரடி உயர வேண்டும் என்றால் இரண்டடி மண்: 2400 கன அடி. அமுங்குவதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் சுமார் 29 யூனிட். வீடு நிற்கும் 800 சதுர அடிக்குள் இன்னும் மூன்றடி நிரப்ப வேண்டும். அதுவும் கிட்டத்தட்ட அதே 29 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் லாரியில் மொத்தம் இருபது லோடு. இத்தனை கொட்டினால் நம் மனையில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டு அம்மா வாசலுக்குப் போகும் என்பது தனி விஷயம்.

மண்ணுக்கும் அஸ்திவாரத்துக்கும் ஆகும் கூடுதல் செலவை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்டார் நண்பர். விற்பவர் பாதிக்கு இறங்கி வந்தார். ஆனால் எதிர்த்துவரும் வாய்க்காலையும் சிறுபாலத்துப் பள்ளத்தையும் எந்தத் தள்ளுபடியும் சரிசெய்யாது. அவை மனைக்கு வெளியே இருப்பவை, சரிசெய்வது உள்ளாட்சியும் நீர்வளத் துறையும் எடுக்க வேண்டிய வேலை. நண்பர் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் மனை, பெரிய லேஅவுட்டில் இருக்கிறது. அந்த லேஅவுட் அனுமதிக்காக நீர்வளத் துறை கொடுத்த வெள்ளப் பாதிப்புக் கடிதத்தின் நகலைப் புரமோட்டரிடம் கேட்டிருக்கிறார். மனையைக் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அதில் மீட்டரில் எழுதியிருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு சர்வேயரை அனுப்பினால், புரமோட்டர் அந்த அளவுக்கு உயர்த்தினாரா என்பது தெரிந்துவிடும்.