மைனஸ் ஐந்து நிமிடத்தில் ஒன்பது கிலோமீட்டர்

ஒரு மாரத்தான் ஓட்டத்தின் முடிவுப் பட்டியலில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓட்டக்காரர் தொடக்கக் கோட்டைக் கடந்த நேரம் 9:01:12. பத்தாவது கிலோமீட்டரில் 10:01:12. பாதி தூரமான 21.1 கிலோமீட்டரில் 12:07:50. முப்பதாவது கிலோமீட்டரில் 12:02:43. முடிவுக் கோட்டில் 13:20:58.

மேலோட்டமாகப் பார்த்தால் தவறு கண்ணில் படாது. மொத்த நேரம் 4 மணி 19 நிமிடம் 46 விநாடி; சாதாரண ஓட்டக்காரருக்கு நல்ல நேரம்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று கழித்துப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வருகிறது. பாதி தூரத்திலிருந்து முப்பதாவது கிலோமீட்டர் வரை, ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டரை, இந்த மனிதர் மைனஸ் 5 நிமிடம் 7 விநாடியில் ஓடியிருக்கிறார். அதாவது புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்படி இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஆகும் நேரத்தை ஓட்டக்காரர்கள் ‘ஸ்பிளிட்’ என்பார்கள். முதல் பாதியைவிட இரண்டாம் பாதியை வேகமாக ஓடுவதற்கு ‘நெகடிவ் ஸ்பிளிட்’ என்று பெயர்; அது திறமைக்கு அடையாளம், அதை யாரும் தவறு என்று குறிக்கக்கூடாது. இங்கே பேசுவது நிஜமாகவே பூஜ்யத்துக்குக் கீழே போன நேரத்தைப் பற்றி.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால், எங்கே கெடுகின்றன என்பதும் புரியும். ஓட்டக்காரர் மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்புறம் மெல்லிய சிப் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதில் பேட்டரி கிடையாது. சாலையின் குறுக்கே விரித்த ரப்பர் பாய்க்குள் ஆன்டெனா இருக்கிறது. அது அனுப்பும் ரேடியோ அலையில் கிடைக்கும் சொற்ப ஆற்றலைக் கொண்டே சிப் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். பாயோடு இணைந்த பெட்டி, தன் கடிகாரத்தில் அப்போது என்ன மணியோ அதைச் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளும். கவனிக்க வேண்டியது இதைத்தான்: சிப்புக்கு நேரம் தெரியாது. ஐந்து இடத்தில் பாய் விரித்தால் ஐந்து பெட்டிகள், ஐந்து கடிகாரங்கள். அந்த ஐந்தும் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கையில்தான் மொத்தப் பட்டியலும் நிற்கிறது.

மைனஸ் நேரத்தைக் கண்டதும் அனுபவமுள்ளவர் அந்த ஓட்டக்காரரைப் பற்றி யோசிக்க மாட்டார். முதலில் கேட்கும் கேள்வி, இது இவர் ஒருவருக்கு மட்டுமா, இந்தப் பாயைக் கடந்த எல்லோருக்குமா என்பதே. முன்னும் பின்னும் ஓடிய நூறு பேரின் வரிகளைப் பார்த்தால் போதும். எல்லோருக்கும் இதே கட்டத்தில் நேரம் குறைந்து, அதற்கு முந்தைய கட்டத்தில் அதே அளவு கூடியிருந்தால், குற்றவாளி கடிகாரம்தான்.

நம் உதாரணத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. பத்தாவது கிலோமீட்டரிலிருந்து பாதி தூரம் வரை 11.1 கிலோமீட்டருக்கு 2 மணி 6 நிமிடம் 38 விநாடி. முதல் பத்தை ஒரு மணி நேரத்தில் ஓடியவர் அடுத்த பதினொன்றுக்கு இரண்டு மணிக்கு மேல் எடுத்துக்கொண்டாரா? இந்த இரண்டு கட்டங்களையும் கூட்டினால் 2 மணி 1 நிமிடம் 31 விநாடி வருகிறது. இருபது கிலோமீட்டருக்கு அது அவருடைய வழக்கமான வேகம். தனித்தனியாகப் பார்த்தால் அபத்தம், சேர்த்துப் பார்த்தால் நியாயம் என்றால், நடுவில் இருக்கும் ஒரே ஒரு புள்ளிதான் தவறு. பாதி தூரத்துப் பெட்டி சரியாக ஒரு மணி நேரம் முந்தி ஓடியிருக்கிறது. ஒரு மணி நேரத்தைக் கழித்தால் அந்தக் கட்டம் 1 மணி 6 நிமிடம் 38 விநாடி ஆகிறது. அடுத்தது 54 நிமிடம் 53 விநாடி. எல்லாம் ஒழுங்காகிவிடுகிறது.

முழுசாக ஒரு மணி நேரம் தவறுவது வினோதமாகத் தோன்றலாம். நியூயார்க் மாரத்தான் நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. அமெரிக்காவில் கோடைக்காலக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைப்பதும் அதே ஞாயிறு அதிகாலையில்தான். இப்படிப்பட்ட நாளில் கையால் நேரம் வைத்த ஒரு பெட்டியைத் திருப்பிவைக்க மறந்தால் போதும். அதனால்தான் இப்போது பெரும்பாலான பெட்டிகள் செயற்கைக்கோளிலிருந்து வரும் ஜிபிஎஸ் நேரத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. “மைனஸ் வந்தால் எச்சரி” என்று மட்டும் கணினிக்குச் சொல்லிவைத்திருந்தால், இந்தக் கோளாறில் வேகமாக ஓடியவர்கள் மட்டுமே சிக்குவார்கள். அந்த 8.9 கிலோமீட்டரை உண்மையில் 70 நிமிடத்தில் கடந்த ஒருவருக்கு, ஒரு மணி நேரம் போக 10 நிமிடம் மிஞ்சும். அது மைனஸ் இல்லை, சோதனையில் தேறிவிடும். ஆனால் கிலோமீட்டருக்கு 67 விநாடி என்பது மனிதக் கால்களுக்கு உரிய வேகமல்ல. 5,000 மீட்டரில் உகாண்டாவின் ஜோஷுவா செப்டகேய் 2020இல் மொனாக்கோவில் வைத்த உலக சாதனை 12 நிமிடம் 35.36 விநாடி, கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டரை நிமிடம். அதைவிட வேகமாக மாரத்தானுக்கு நடுவில் ஐந்து கிலோமீட்டர் ஓடியதாக எந்த வரி சொன்னாலும் அதைப் பிடித்து நிறுத்தலாம்.

அந்த வலையிலும் ஓட்டை உண்டு. நடந்தே வந்த ஒருவர் அதே தூரத்துக்கு 90 நிமிடம் எடுத்திருந்தால் பட்டியலில் அவருக்கு 30 நிமிடம் விழும். கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 22 விநாடி. தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கு எட்டக்கூடிய வேகம் அது. மனிதரால் முடியும், இந்த மனிதரால் முடியுமா என்பதுதான் கேள்வி. முதல் பத்துக் கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் கடந்தவர் அவர். ஆக, வடிகட்டிகள் மூன்று வேண்டும்: பூஜ்யத்துக்குக் கீழே போனது, எந்த மனிதராலும் முடியாதது, அந்த ஓட்டக்காரரின் சொந்த வேகத்துக்குப் பொருந்தாதது. மூன்றாவதுதான் கடினம், ஆனால் அதிகம் பிடிப்பதும் அதுதான். கடிகாரம் ஒரு மணி நேரத்துக்குப் பதில் மூன்று நிமிடம் மட்டும் தவறியிருந்தால் முதல் இரண்டும் வாயே திறக்காது. ஒரு கட்டத்தில் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் தளர்ந்து, அடுத்ததில் எல்லோரும் வேகம் பிடித்திருக்கிறார்களே என்று அத்தனை பேரின் சராசரியையும் பார்ப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

தவறு ஒருவருடைய வரியில் மட்டும் இருந்தால் கதை வேறு. கடிகாரத்தை விட்டுவிட்டு, சிப் எங்கெல்லாம் போனது என்று தேட வேண்டும். பல ஓட்டங்களில் தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒன்றே. ஓட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள ஒருவர் அந்தப் பாயின் மேல் இரண்டு தடவை போய்வந்தால், ஓட்டம் தொடங்கும் முன்பே அவர் ‘முடித்துவிட்டதாக’ப் பதிவாகலாம். வராதவர்களின் எண் அட்டைகளைக் கட்டாகப் பாய்க்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டால் இன்னும் மோசம். ஓடாத அத்தனை பேரும் முடிவுக் கோட்டில் நின்றுகொண்டே இருப்பார்கள். இதற்கு மருந்து எளிது: முதல் ஆள் வர வாய்ப்புள்ள நேரத்துக்கு முன் முடிவுக் கோட்டில் விழும் எந்தப் பதிவையும் எடுத்துக்கொள்ளாதே என்று மென்பொருளில் சொல்லிவைப்பது.

இரட்டைப் பதிவுகளில் பெரும்பாலானவை குற்றமற்றவை. பாயின் மேல் இருக்கும் ஓரிரு விநாடியில் ஒரே சிப் பல தடவை படிக்கப்படும். அதனால் தொடக்கக் கோட்டில் கடைசிப் பதிவையும், முடிவுக் கோட்டில் முதல் பதிவையும் எடுத்துக்கொள்வது வழக்கம். முடித்துவிட்டு நண்பரை உற்சாகப்படுத்தத் திரும்பி வந்து, நாற்பது நிமிடம் கழித்து அவரோடு மறுபடி கோட்டைக் கடப்பவரையும் இதே விதி சமாளித்துவிடும்.

இரண்டு எண்கள் ஒட்டிப் பிறந்தவைபோல் நகர்வதுதான் சுவாரசியமான இரட்டை. ஐந்து பாயிலும் ஒரே விநாடியில் இரண்டு எண் அட்டைகள் பதிவாகின்றன என்றால், ஒருவரே இரண்டு சிப்பைச் சுமந்து ஓடியிருக்கலாம். பாஸ்டன் போன்ற ஓட்டங்களில் சேர வேறொரு மாரத்தானில் தகுதி நேரம் காட்ட வேண்டும். நண்பருக்காக அவருடைய அட்டையையும் சட்டைக்குள் வைத்து ஓடித் தருபவர்கள் உண்டு. கணவன் மனைவி சேர்ந்து ஓடினாலும் நேரங்கள் நெருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் தண்ணீர் குடிக்க நின்றிருப்பார், இன்னொருவர் கடைசியில் வேகமெடுத்திருப்பார். எங்காவது சில விநாடி விலகும். கடைசி முடிவைப் புகைப்படத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த விநாடியில் கோட்டின் மேல் எத்தனை பேர்?

பதிவே இல்லாமல் போவதும் உண்டு. மனித உடம்பில் இருக்கும் நீர் இந்த அலைகளை விழுங்கிவிடும். அட்டையை இடுப்புக்குப் பின்னால் திருப்பிக் கட்டினாலோ, கூட்டம் நெரித்தாலோ சிப் பேசாமல் போகலாம். ஒரு பதிவு விடுபட்டது மட்டுமே யாரையும் திருடனாக்காது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளுக்கு நடுவே வேகம் சீராக இருந்தால் சிப்பின் கோளாறு. அந்த இடைவெளியில் திடீரென்று வேகம் எகிறினால்தான் சந்தேகம். 1980இல் பாஸ்டனில் பெண்களில் முதலாவதாக வந்ததாக அறிவிக்கப்பட்ட ரோஸி ரூயிஸின் நேரம் 2:31:56. அது முடியாத நேரமே அல்ல. வழியில் இருந்த சோதனை இடங்களில் அவர் கடந்ததற்குத் தடயம் இல்லாததே முக்கியமான இடறலானது. ஒரு வாரம் கழித்துப் பட்டம் கனடாவின் ஜாக்குலின் கரோவுக்குப் போனது.

எண்களால் பிடிக்கவே முடியாத வகையும் இருக்கிறது. 1999இல் தென்னாப்பிரிக்காவில் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் நீளும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் செர்ஜியோ மொட்சொனெங் ஒன்பதாவதாக வந்தார். அவரும் அவரைப் போலவே இருக்கும் தம்பியும் வழியில் கழிப்பறைக்குள் ஆள் மாறி, மாறி மாறி ஓடியிருந்தார்கள். ஒரே எண், சீரான வேகம், மைனஸும் இல்லை, இரட்டையும் இல்லை. ஓட்டத்தின் வெவ்வேறு இடங்களில் எடுத்த படங்களை ஒரு நாளிதழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கைக்கடிகாரம் ஒன்றில் இடது கையிலும் இன்னொன்றில் வலது கையிலும் இருந்தது. ஒன்பதாவது இடம் பறிபோக, பின்னால் வந்த ஒவ்வொருவரும் பட்டியலில் ஓரிடம் மேலே ஏறினார்கள்.